“நம்ம வீடா, எங்க வீடா?” தெலுங்குக் கதைகள் ஆங்கிலம் சுற்றி வரும்போது

இந்த வருடத்தில் இது மூன்றாவது. தெலுங்குச் சிறுகதை ஒன்று ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்திருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். திண்ணையில் இருக்கும் அம்மா எழுந்திருக்காமலே ஒன்று சொல்கிறாள். தமிழ்ப் படியில் அது “இது நம்ம வீடு.” அடுத்த வரியில் மகள் கீழே வைத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறாள். அம்மா ஆதரவாகச் சொன்ன பிறகு ஏன் போகிறாள்?

மூலத்தைப் புரட்டினேன். “இதி மா இல்லு.” அதாவது, எங்க வீடு. நம்ம வீடு என்று சொல்ல நினைத்திருந்தால் ‘மன இல்லு’ என்றிருப்பாள். நமக்கு நாம், நாங்கள் இருப்பதுபோல் தெலுங்கில் மனம், மேமு இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தாய் மகளை வெளியே நிறுத்திய சொல், தமிழுக்கு வரும்போது உள்ளே அழைக்கும் சொல்லாகிவிட்டது. கதையே அந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது.

மொழிபெயர்த்தவரிடம் கேட்டேன். “ஆங்கில மொழிபெயர்ப்பு ரொம்ப நல்லா இருந்ததுங்க, அதனால நம்பிட்டேன்” என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அது நல்ல மொழிபெயர்ப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு நல்லது? ஆங்கிலத்தில் படிப்பவருக்கு. அந்த மொழியில் நிற்காததை எல்லாம் அந்த மொழிபெயர்ப்பாளர் யோசித்துத்தான் கழித்திருப்பார். அது அவர் தவறு இல்லை, அவர் வேலையே அதுதான். ஆங்கிலம் எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறதோ, மூலத்தின் தடயம் அவ்வளவு குறைவாக மிஞ்சும். உறவுமுறைச் சொற்களை அப்படியே விட்டு, அடிக்குறிப்பு போட்டு, கொஞ்சம் முரடாக இருக்கும் ஆங்கிலப் படி நமக்கு எவ்வளவோ மேல். அவர் கழித்தவற்றில் பாதி தமிழில் தயாராக இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

உறவுமுறையைப் பாருங்கள். தெலுங்கில் ‘அத்த’, நமக்கு அத்தை. ‘பின்னி’, நமக்குச் சித்தி. ஆங்கிலத்தில் இரண்டும் ஆன்ட்டி. இதே கதையில் அத்தை சித்தியாகியிருந்தாள். அதோடு விட்டதா? நாயகனின் ‘மரதலு’, அதாவது அத்தை மகள், ஆங்கிலத்தில் கசின் ஆனாள். தமிழில் ‘சித்தி மகள்’ ஆனாள். எட்டாம் பக்கத்தில் அவளுக்கும் நாயகனுக்கும் கல்யாணம் பேசுகிறார்கள்! தங்கை முறை ஆகிற பெண்ணை எந்தத் தமிழ் வாசகர் ஏற்பார்? முறைப்பெண் என்ற ஒரு சொல்லில் முடிகிற விஷயம். அப்புறம் ‘ஆயன’, ‘வாடு’ இரண்டுமே அவன் ஆகிவிட, ஊர்ப் பெரியவரையும் மாடு மேய்க்கிற பையனையும் கதை ஒரே மரியாதையில் பேசுகிறது.

ஆங்கிலம் வழியாகத்தான் செய்ய முடியும் என்றால் சரி, செய்யுங்கள். ஆனால் முதல் வரியைத் தொடுவதற்கு முன் ஆங்கிலப் படியில் பென்சிலோடு உட்காருங்கள். நாம்/நாங்கள், நீ/நீங்கள், அவன்/அவர் என்று தமிழில் பிரிய வேண்டிய இடங்களை வட்டமிடுங்கள். அங்கிள், ஆன்ட்டி, கசின் வரும் இடங்களையும் சேருங்கள். ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். பதினைந்து பக்கக் கதைக்குச் சந்தேகமான இடங்கள் நாற்பது வரலாம். மூலம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனை பேர்! பலருக்கு எழுத்து தெரியாது, உண்மைதான். யாராவது படித்துக் காட்டினால் அது மாவா, மனவா என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள். வட்டார வழக்குக்கு மட்டும் ஆந்திராவிலோ தெலங்கானாவிலோ வளர்ந்தவரைக் கேளுங்கள். நம் பக்கத்துத் தெலுங்கு தனி.

பதிப்பாளர்களுக்கும் ஒன்று. மூல ஆசிரியரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் தனிக் காப்புரிமை உண்டு, அதை வைத்திருப்பவரிடமும் கேளுங்கள். ‘ஆங்கிலம் வழி’ என்று புத்தகத்தில் அச்சிடுங்கள். என்னிடம் அனுப்பும்போது தெலுங்குப் பக்கங்களின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கதையை அச்சுக்கு அனுப்பிவிட்டு, ‘ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தாயின் வாக்கியத்தைக் கதை அச்சேறுவதற்கு இரண்டு நாள் முன்புதான் நாங்கள் மாற்றினோம்.