8 மணி 45 நிமிடம் சம்பளச் சீட்டில் எப்படிச் சுருங்குகிறது?

"ஐந்து நாளும் ஒரே ஷிஃப்ட்தான் பார்த்தேன். நான் கூட்டினால் ஒரு கணக்கு வருகிறது, சம்பளச் சீட்டில் வேறொன்று இருக்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கூலியில்லாத இடைவேளை இம்மூன்றையும் கொண்டு கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

காலை 8:30 முதல் மாலை 5:45 வரை 9 மணி 15 நிமிடம். அரைமணி இடைவேளையைக் கழித்தால் 8 மணி 45 நிமிடம். ஐந்து நாளுக்கு 43 மணி 45 நிமிடம், அதாவது 43.75 மணி. மணிக்குக் கூலி 100, வாரத்தில் 40 மணிக்கு மேல் ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நேரத்துக்கு 4,000, ஓவர்டைம் 3.75 மணிக்கு 562.50, ஆக மொத்தம் 4,562.50. சீட்டிலோ 42.25 மணி, 4,337.50.

225 குறைகிறது. அதை ஓவர்டைம் விகிதமான 150-ஆல் வகுத்தால் 1.5 மணி, அதாவது 90 நிமிடம். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சரியாக 18 நிமிடம். தினமும் ஒரே அளவு குறைந்தால் அது கவனப்பிசகாக இருக்காது, கணக்குப் போடும் முறையிலேயே பிழை இருக்கும். இங்கே யாரோ 8:45-ஐ 8.45 என்று பதிந்திருக்கிறார்கள். 45 நிமிடம் என்பது முக்கால் மணி, 8.75 என்றுதான் எழுத வேண்டும்.

இந்தப் பிழையின் விசித்திரம், அது ஒரு பக்கமாகவே சாயும் என்பது. நிமிடத்தை 60-ஆல் வகுப்பதற்குப் பதில் 100-ஆல் வகுப்பதால் ஒவ்வொரு நிமிடத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு தொலைகிறது. 15 நிமிடத்துக்கு 6, 30-க்கு 12, 45-க்கு 18. தொழிலாளிக்கு ஒருநாளும் அதிகமாக வராது. "ஒரு நாள் குறைந்தால் மறுநாள் கூடிச் சரியாகிவிடும்" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்க வேண்டாம்.

கூட்டாமலேயே இதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பல வாரச் சீட்டுகளில் தினசரி மணிநேரத்தின் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களை மட்டும் பாருங்கள். வேலை நேரம் நாளுக்கு நாள் மாறினால், சரியான கணக்கில் .75, .80, .92 போன்றவை இடையிடையே வரும். எத்தனை ஷிஃப்ட் பார்த்தாலும் .59-ஐத் தாண்டவில்லை என்றால், அங்கே நிற்பவை நிமிடங்கள்.

கைக்கு வரும் தொகையில் முழு 225-ஐயும் எதிர்பார்க்கக் கூடாது. பிடித்தங்களில் மாதச் சந்தா போன்ற நிலையான தொகைகள் மாறாது. சதவீதத்தில் பிடிப்பவை மொத்தக் கூலியோடு ஏறும். சதவீதப் பிடித்தம் 10 என்றால் பாக்கியாக 202.50 வர வேண்டும். பழைய மொத்தத்தில் ஏற்கெனவே பிடித்தாயிற்று என்பதால், பாக்கித் தொகையான 225-க்கு மட்டுமே இப்போது பிடிக்கலாம், 4,562.50 முழுவதற்கும் மறுபடி பிடித்திருந்தால் அது இரட்டைப் பிடித்தம்.