24,650 ரூபாயும் 25,000 ரூபாயும்

கோத்தகிரியில் என் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்சரிவு, சென்ற ஐப்பசி மழையில் இரண்டடி இறங்கிவிட்டது. தடுப்புச் சுவருக்கு வரைபடம் போட்டுத்தர இரண்டு பொறியாளர்களிடம் கட்டணம் கேட்டோம். ஒருவர் 25,000 ரூபாய் என்றார். மற்றவர் 24,650 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். "முழுத்தொகை சொல்கிறவர்தான் பெரிய ஆள் போலத் தெரிகிறது" என்றார் சித்தப்பா.

அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. காய்கறியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். தடுப்புச் சுவரின் வரைபடம் நல்லதா என்பது நாலைந்து மழைக்காலம் போன பிறகுதான் தெரியும். தரத்தைக் கண்ணால் பார்க்க முடியாதபோது விலையையே அடையாளமாகக் கொள்கிறோம். 24,999 என்றால் தள்ளுபடிக் கடை நினைவுக்கு வருகிறது. 25,000 என்றால், ஒரு ரூபாய் குறைத்து ஆள் பிடிக்க வேண்டிய நிலையில் இவர் இல்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் முழுத்தொகைக்கு ஒரு பலவீனம் உண்டு: அது பேரத்துக்கு இடம் கொடுக்கிறது. 2008-இல் ஜானிஷெவ்ஸ்கி, உய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு தொலைக்காட்சியின் விலையைச் சொல்லி, கடைக்காரருக்கு அதன் அடக்கவிலை என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். விலை 5,000 டாலர் என்று சொல்லப்பட்டவர்கள் அதிலிருந்து வெகுதூரம் கீழே இறங்கினார்கள். 4,988 என்று சொல்லப்பட்டவர்கள் அதன் அருகிலேயே நின்றார்கள். ஆயிரக்கணக்கில் பேசினால் மனமும் ஆயிரம் ஆயிரமாக இறங்குகிறது. ஒற்றை ரூபாய் வரை சொன்னால் சின்னச் சின்ன அடியாகவே நகர்கிறது.

துல்லியமும் எப்போதும் கைகொடுப்பதில்லை. பேரத்தைத் தொடங்கும் தொகை மிகையான துல்லியத்தோடு இருந்தால், துறை அறிந்தவர்களிடம் அது எதிர்விளைவையே தருகிறது என்று 2016-இல் வெளியான லோஷெல்டர் குழுவின் ஆய்வு காட்டியது. கணக்கு இல்லாத துல்லியத்தை அவர்கள் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

எனவே தொகையின் வடிவத்தை விட்டுவிட்டு, அதைப் பிரித்துப் பார்ப்பதே நல்லது. 24,650 சொன்னவரிடம் கணக்குக் கேட்டேன். மண் பார்க்க இரண்டு குழி, குழிக்கு 3,200. மூன்று முறை நேரில் வர, தடவைக்கு 1,750. வரைபட வேலை 20 மணி நேரம், மணிக்கு 650. கூட்டினால் சரியாக 24,650 வந்தது.

பிறகு இருவரிடமும், "20,000-க்குள் முடியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு குழியையும் ஒரு வருகையையும் விட்டால் 19,700. ஆனால் இந்தச் சரிவில் மண்ணின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே குழியை நம்பி நான் வரைய மாட்டேன்" என்றார் இவர்.

25,000 சொன்னவர், அதிலேயே உறுதியாக நின்றிருந்தால் அதை அவர் அனுபவத்தின் விலை என்று நானும் ஏற்றிருப்பேன். அவரோ உடனே சம்மதித்தார். எந்த வேலை குறையும் என்று கேட்டதற்கு, "எதுவும் குறையாது" என்றார்.


சித்தப்பா 24,650 ரூபாய்க்குக் காசோலை எழுதினார்.