செவ்வாய்க்குற்றம் சொல்வதற்கு முன் சாத்திரி என்ன கேட்டார்?

போன மாதம் உவர்மலையில் இருந்து ஓர் அம்மா மகளின் சாதகத்தோடு வந்தார். கதிரையில் இருந்ததும் போனை எடுத்து, வேறொரு சாத்திரி அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். "உங்கட பிள்ளைக்கு எட்டில செவ்வாய். தாலி தங்காது. வாற அமாவாசைக்கு முதல் கழிப்புச் செய்யோணும். வீட்டுக்காரருக்கும் இப்ப சொல்லாதீங்க, சொன்னா பலிக்காது." கழிப்புக்குக் கேட்டது 85,000 ரூபா. இருபதாயிரம் முற்பணமாக ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்துக்குக் காப்பை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் என்னிடம் வந்திருந்தார்.

பிள்ளை பிறந்தது 1999 ஏப்ரல் கடைசி வாரத்தில், திருகோணமலை ஆஸ்பத்திரியில், அதிகாலை 3.45க்கு. நான் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அவர் இது பழைய நேரமா புது நேரமா எண்டு கேட்டவரா?" அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இன்றைய இளம் பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்கும் அது மறந்துபோன விஷயம். ஆனால் சாத்திரிக்கு மறக்கக் கூடாது.

மின்சாரத் தட்டுப்பாடு வந்த 1996இல், மே 25ஆம் திகதி இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள். அந்த நிலை 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. ஆகவே அந்தப் பத்து வருடமும் நம் மணிக்கூடு கிரீன்விச் நேரத்தை விட ஆறு மணித்தியாலம் கூட. முதல் ஐந்து மாதத்தில் ஆறரை. அதற்கு முன்பும் பின்பும் ஐந்தரை. இந்தக் காலத்தில் பிறந்தவர்கள்தான் இப்போது கலியாண வயதில் நிற்கிறார்கள். பொருத்தம் பார்க்க வரும் குறிப்புகளில் பெரும்பங்கு இவர்களுடையது.

அரை மணித்தியாலம் என்ன செய்யும்? லக்கினம் ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். ஒரு ராசியைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அரை மணி பிசகினால் ஏழு, எட்டுப் பாகை தள்ளிப்போகும். நாலு குறிப்பில் ஒன்றுக்கு லக்கினமே அடுத்த ராசிக்கு மாறிவிடும். சந்திரன் அந்த நேரத்தில் கால் பாகை அளவுதான் நகர்வதால் ராசியும் நட்சத்திரமும் அநேகமாக மாறாது. அதனால்தான் பிழை ஒருவருக்கும் தெரிவதில்லை. "நட்சத்திரம் சரியாத்தானே இருக்கு" என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பிள்ளைக்கு நடந்ததும் இதுதான். ஐந்தரையைப் போட்டுக் கணித்தால் மீனத்தின் தொடக்கத்தில் லக்கினம். செவ்வாய் துலாத்தில். மீனத்தில் இருந்து எண்ணினால் எட்டு. ஆறைப் போட்டுக் கணித்தால் லக்கினம் கும்பத்தின் கடைசிப் பாகைகளில் நிற்கிறது, செவ்வாய் ஒன்பதில். 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களுக்குத்தான் செவ்வாய்க்குற்றம் சொல்வது வழக்கம். சந்திரனில் இருந்தும் பார்த்தேன், பிள்ளை சிம்ம ராசி, செவ்வாய் மூன்றில். சுக்கிரன் இடபத்தில், அதில் இருந்து ஆறில். எந்தப் பக்கத்தால் எண்ணினாலும் குற்றம் இல்லை. இரண்டு கட்டத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கீறிக் கொடுத்தேன். அம்மா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டாம் தரம் எண்ணும்போது அவருடைய கை நடுங்கியது.

அவர் எண்ணிப் பார்க்கக்கூடியதாக அந்தத் தாள் இருந்ததே, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒழுங்கான சாத்திரி எந்த விதியை வைத்துச் சொல்கிறார் என்று காட்டுவார். எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா, லக்கினம் எத்தனை பாகை என்று கேட்டால் கோபிக்க மாட்டார். தாளில் எழுதித் தந்து, வேண்டுமென்றால் இன்னொருவரிடமும் காட்டுங்கள் என்பார். பிறந்த இடத்தையும் மணிக்கூட்டையும் பற்றி ஒன்றுமே கேட்காமல், கட்டத்தைப் பார்த்த இரண்டாம் நிமிடத்தில் "தாலி தங்காது" என்று ஒருவர் சொன்னால் அவர் கணிக்கவில்லை, விற்கிறார். அமாவாசைக் கெடு எதற்கு? நீங்கள் வேறொருவரிடம் விசாரிக்க நேரம் இருக்கக் கூடாது என்பதற்கு. வீட்டில் சொல்லாதே என்பதும் அதே காரணத்துக்குத்தான்.

உண்மையாகவே எட்டில் செவ்வாய் இருந்தால்? அப்போதும் 85,000க்கு வேலை இல்லை. அதே அளவு குற்றமுள்ள சாதகத்தோடு பொருத்துவதுதான் நம்முடைய முறை. செவ்வாய் ஆட்சி, உச்சம் பெற்றிருந்தால் குற்றம் குறைத்து எண்ணுவதும் உண்டு. மனத் திருப்திக்கு ஏதும் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, செவ்வாய்க்கிழமை ஒரு முருகன் கோயிலிலோ பத்திரகாளி அம்மன் கோயிலிலோ அர்ச்சனை. அதற்குச் சீட்டுக் காசு போதும், சாத்திரி இடையில் நிற்கத் தேவையில்லை.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: குறிப்புப் பார்க்க எவ்வளவு, அதற்குள் எது எது அடங்கும்? பரிகாரம் சொன்னால் அதை நாங்களே எங்கள் கோயிலில் செய்யலாமா? "நான்தான் செய்யோணும், சாமான் என்னட்டத்தான் இருக்கு" என்று பதில் வந்தால் எழும்பி வாருங்கள். 1996இற்கும் 2006இற்கும் இடையில் பிறந்த பிள்ளை என்றால், எத்தனை மணி வித்தியாசம் வைத்தீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். போனில் உள்ள ஆப்களிலும் இதே சிக்கல் உண்டு. சிலது பழைய நேர மாற்றங்களைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், சிலது இலங்கை என்றால் +5:30 என்றே வைத்திருக்கும். ஐந்தரையில் கணித்த குறிப்பில் லக்கினம் ராசியின் முதல் எட்டுப் பாகைக்குள் விழுந்திருந்தால், அது முந்திய ராசியாக இருக்க இடமுண்டு. 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்குப் பதினைந்து பாகை வரை பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் புது நேரத்தை ஏற்கவில்லை; அங்கே பழைய மணிக்கூடுதான் ஓடியது. உவர்மலை அம்மா மகளுக்குப் பார்க்கும் மாப்பிள்ளை 1997இல் சம்பூரில் வீட்டில் பிறந்தவர். நேரத்தைக் குறித்தது பேத்தியார், அவர் இப்போது இல்லை. எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று பையனின் தாயிடம் போனில் கேட்டோம். "வீட்டுச் சுவர் மணிக்கூடுதான் ஐயா, ஆனா அது என்ன நேரத்தில ஓடினதெண்டு இப்ப எனக்கு ஞாபகமில்லை" என்றார். நான் இரண்டு நேரத்துக்கும் இரண்டு கட்டம் கீறி, ஒன்றின் மேல் "பழைய நேரம்", மற்றதன் மேல் "புது நேரம்" என்று சிவப்புப் பேனையால் எழுதினேன். இரண்டிலும் செவ்வாய் எங்கே நிற்கிறது, பொருத்தம் எங்கே மாறுகிறது என்று கீழே குறித்து, இதில் எது சரி என்று என்னால் சொல்ல முடியாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.