தட்டினால் அணைகிற ஹீட்டர்

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. 100 லிட்டர் மீன்தொட்டி, 200 வாட் ஹீட்டர், டயலில் 26 டிகிரி. இரவு 11 மணிக்குப் படுக்கப் போகும்போது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தால் தெர்மாமீட்டரில் 33, மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. டயலைக் குறைத்தும் அணையவில்லை. கடுப்பில் கண்ணாடிக் குழாயை விரலால் ஒரு தட்டு தட்டினாராம், ‘டிக்’ என்று அணைந்துவிட்டதாம். "இப்போது நன்றாக வேலை செய்கிறது, தொடர்ந்து பயன்படுத்தலாமா?" என்கிறார்.

கூடாது. தட்டிய பிறகே வந்த அந்த ‘டிக்’தான் ஹீட்டர் கெட்டுப்போனதற்குச் சாட்சி.

இந்தக் குழாய்க்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் மிக எளிய பொருள். வேறுவேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, அதன் நுனியில் வெள்ளிக் கலவையில் ஒரு குமிழ், எதிரே இன்னொரு குமிழ். சூடானால் பட்டை வளைந்து குமிழ்கள் பிரியும், ஆறினால் மறுபடி தொடும். இதெல்லாம் பள்ளிப் பாடம். பாடத்தில் வராத விஷயம், அந்தக் குமிழ்கள் தொடும் கணத்தில் என்ன நடக்கிறது என்பது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் குமிழை நுண்ணோக்கியில் பார்த்தால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். இரண்டு மலைத்தொடர்களை எதிரெதிரே வைத்து அழுத்தினால் நாலைந்து சிகரங்கள்தான் ஒன்றையொன்று தொடும், மொத்த மின்சாரமும் அந்த நாலைந்து புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அதோடு, மூடும்போது குமிழ்கள் ஒரே தடவையில் போய் அமர்வதில்லை. தரையில் விழுந்த கோலிக்குண்டு போலச் சில மில்லிவிநாடிகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் இடைவெளியில் ஒரு குட்டி மின்பொறி. அந்தப் பொறியின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி, வெள்ளி உருகுவதோ 962 டிகிரியில். ஆக, சிகரத்தின் நுனி உருகி ஒரு நுண்துளி திரவமாகிறது, அந்த ஈரம் காய்வதற்குள் எதிர்க் குமிழ் வந்து உட்கார்ந்துவிடுகிறது. துளி உறைந்தால் அது பற்றவைப்பு தவிர வேறென்ன?

இது எப்போதோ நடக்கும் விபத்து இல்லை, ஒவ்வொரு முறை மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சம் நடப்பதுதான். புதிய ஹீட்டரில் அந்த ஒட்டு அற்பமானது, பட்டை வளையும்போது தானாகப் பிய்ந்துவிடும். பல ஹீட்டர்களில் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். பட்டையை அது பிடித்து வைத்திருந்து, போதுமான விசை சேர்ந்ததும் சட்டென்று விடுவிக்கும், மூடும்போதும் அதேபோல் வெடுக்கென்று இழுக்கும். நாம் கேட்கும் ‘டிக்’ சத்தம் அதுதான். குமிழ்கள் தொட்டும் தொடாமலும் தயங்கி நிற்கும் நேரம் குறைவதால் பொறியும் குறைகிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கான முறைக்குப் பிறகு மேற்பரப்பு கருகி, குழிந்து, தொடும் இடங்கள் இன்னும் குறைந்து, ஒருநாள் ஒட்டு பட்டையின் பலத்தை மீறிவிடுகிறது. அந்தப் பட்டைக்குப் பெரிய பலம் எதுவும் கிடையாது. அதனால்தான் விரலால் தட்டினாலே பிரிந்துவிட்டது. பிய்ந்த இடம் முன்னைவிடக் கரடுமுரடாக இருக்கும், அடுத்த ஒட்டு இன்னும் சுலபம்.

இதில் முன்னெச்சரிக்கையும் ஒன்று ஒளிந்திருக்கிறது. தண்ணீர் சூடேறச் சூடேறப் பட்டை இன்னும் வளையப் பார்க்கும், அதன் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். ஆகவே 26-இல் பிரியாத ஒட்டு 28-இல் தானாகப் பிய்ந்துகொள்ளலாம். வழக்கமாக அரை டிகிரிக்குள் நின்ற தொட்டி, ஒருநாள் 28 வரை போய்த் திரும்பி, அடுத்த நாள் மறுபடி ஒழுங்காக இருந்தால், "வெயில் கொஞ்சம் அதிகம் போல" என்று விட்டுவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஹீட்டரே இல்லாமலும் 28-இல் நின்றால் காரணம் அறைச் சூடு, விளக்கு, பம்ப் எதுவாகவும் இருக்கலாம். இறங்கினால் ஹீட்டர்தான்.

சரி, வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே, மின்கசிவு துண்டிப்பான் இருக்கிறதே, அவை ஏன் சும்மா இருந்தன? 200 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் எடுப்பது 0.87 ஆம்பியர். ஒட்டிக்கொண்ட பிறகும் அதே 0.87தான். மின்னோட்டம் கூடவில்லை, எங்கும் கசியவும் இல்லை, நேரம் மட்டும்தான் நீள்கிறது. நேரத்தை எண்ணும் வேலை அந்தக் கருவிகளுக்கு இல்லை. இத்தனைக்கும் அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி வெப்ப ஃபியூஸ் என்பது ஒரு துளியூண்டுப் பொருள், அதை ஏன் எல்லா ஹீட்டரிலும் கட்டாயமாக்கவில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த ஆறு மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4,19,000 ஜூல் தேவை. அந்த அளவுத் தொட்டி, அறையைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறத்தாழ 10 வாட் வெளியே இழக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அறை 24 டிகிரி என்றால் 200 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் 44 வரை கொண்டுபோகும். 26-இலிருந்து 33 வரை ஏற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும், வாசகர் சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது. அவர் 7 மணிக்கு எழுந்திருந்தால் அது 35-ஐ நெருங்கியிருக்கும். மீன்கள் மேலே வந்ததற்குக் காரணமும் இங்கேதான். சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, அதே சூட்டில் மீனின் தேவையோ அதிகம்.

இதே தொட்டியில் 100 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் காலை 5 மணிக்கு 29 அளவில்தான் இருந்திருக்கும், எத்தனை நாள் விட்டாலும் 34-ஐத் தாண்டாது. 200 வாட் வேண்டுமென்றால் இரண்டு 100 வாட்டாகப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது தானாக அணைந்து நிற்கும்.

"வெளியே கன்ட்ரோலர் மாட்டிவிட்டேன், இனிக் கவலை இல்லை" என்பவர்களுக்கு ஒன்று. அதற்குள் ஹீட்டரை இயக்கி அணைக்கும் ரிலே என்ற சுவிட்சிலும் இதே குமிழ்கள்தான், இதே ஒட்டுதான். திரையில் OFF என்று வருவது கன்ட்ரோலர் ரிலேக்குக் கொடுத்த கட்டளை மட்டுமே, குமிழ்கள் பிரிந்தனவா என்பது அதற்குத் தெரியாது. OFF காட்டியபடியே தண்ணீர் சூடேறிக்கொண்டே போகலாம். ஆகவே ஹீட்டரின் சொந்த டயலை உச்சத்துக்குத் திருகி ஒதுக்கிவிடாமல், கன்ட்ரோலரைவிட ஒன்றிரண்டு டிகிரி மேலே வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே பாதையில் வரிசையாக நிற்பதால் இரண்டும் ஒட்டினால்தான் ஆபத்து. மாதம் ஒருமுறை டயலைத் தண்ணீரின் வெப்பத்துக்குக் கீழே இறக்கி, ‘டிக்’ சத்தத்தோடு விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். சில வகைகளில் பிளக் போட்டதுமே விளக்கு எரியும், அவற்றில் சத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

வாசகருக்கு: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், காற்று பம்பைக் கூட்டுங்கள். பனிக்கட்டியைக் கொட்டிச் சட்டென்று குளிர வைக்க வேண்டாம், தானாக இறங்கட்டும். ஹீட்டரை அரை மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டு அப்புறம் எடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்துத் திரும்ப நனைத்தால் கண்ணாடி விரிசல் விடும், விரிசல் வழியாக மின்சாரம் தண்ணீருக்கு வரும். சூட்டில் தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்து குழாய் வெளியே தெரிந்தாலும் இதேதான் நடக்கும், அப்படி ஒரு தொட்டியைப் பார்த்தால் கையை விடாதீர்கள். எடுத்த பிறகு ஒயரை வெட்டிவிட்டே குப்பையில் போடுங்கள். ‘தட்டினால் வேலை செய்கிறது’ என்று வேறு யாராவது எடுத்துப்போய் மாட்டிவிடுவார்கள்.