திங்கட்கிழமை மீட்டிங்கில் எது நகர்ந்தது, எது நகரவில்லை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மூணு நாலு பேர் வைத்து விற்பனை பார்க்கும் கடைகளோடுதான் எனக்கு வேலை. வாராந்திர மீட்டிங் எல்லோரும் நடத்துகிறார்கள். அதில் நடப்பதோ கதை சொல்வது. "அந்தப் பார்ட்டி நல்ல பார்ட்டி சார், கண்டிப்பா எடுத்துருவாங்க" என்று ஆளுக்கு இருபது நிமிடம் பேசிவிட்டு டீ குடித்துக் கலைந்தால் அது மீட்டிங் ஆகாது.

வீட்டு மாடியில் சோலார் போட்டுக் கொடுக்கும் ஒரு டீமை எடுத்துக்கொள்வோம். என்கொயரி, சைட் பார்த்தது, கொட்டேஷன், முடிவு, அட்வான்ஸ் என்று ஐந்து கட்டம். எந்தப் பார்ட்டி எந்தக் கட்டத்தில் என்று ஒரு ஷீட்டில் எழுதி வைப்பார்கள். நாம் செய்த வேலையை வைத்துக் கட்டத்தை மாற்றக் கூடாது, பார்ட்டி செய்ததை வைத்துத்தான் மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் கொட்டேஷனைத் தட்டிவிட்டது நம் வேலை. அதைப் பார்த்துவிட்டு அவர் விலையைப் பற்றிப் பேசினால்தான் அது கொட்டேஷன் கட்டத்துக்கு வந்த மாதிரி. இதைச் சரியாக வைக்காமல் மீட்டிங் நடத்தினால் ஷீட் முழுக்க நகர்வு தெரியும், கல்லாவில் ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஷீட்டை நகல் எடுத்துப் பூட்டிவிடுங்கள். போன வாரக் கட்டம், இந்த வாரக் கட்டம், இந்தக் கட்டத்துக்கு வந்த தேதி, இந்த மூன்று பத்தியும் இருந்தால் போதும். தேதி E பத்தியில் இருந்தால், எத்தனை நாளாக அங்கேயே கிடக்கிறது என்பதை இது சொல்லும்:

```
=TODAY()-E2
```

மீட்டிங் நாற்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் கணக்கை மட்டும் வாசிக்க வேண்டும். முப்பது பார்ட்டியில் ஆறு முன்னே போனது, இரண்டு பின்னே வந்தது, மூன்று கைவிட்டது, பத்தொன்பது அசையவில்லை. முன்னே போனதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அதைப் பேசத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் சதவீதமும் போடாதீர்கள், ஒரே ஒரு பார்ட்டி மாறினால் கணக்கே தலைகீழாகிவிடும்.

அடுத்த இருபத்தைந்து நிமிடமும் அசையாததற்குத்தான். எல்லாவற்றையும் அல்ல, அதிக நாள் கிடக்கும் ஐந்தை மட்டும். கேள்வி ஒன்றே: பார்ட்டி கடைசியாக என்ன செய்தார்?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு, 3 கிலோவாட், கொட்டேஷனில் 24 நாள். மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 78,000 ரூபாய் வரும் என்று சொல்லியாகிவிட்டது, விலையிலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் "பார்க்கலாம்" என்ற பதில்தான். அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அந்தப் பார்ட்டியைப் பார்க்கும் சேல்ஸ் பையன் சொன்னான்: "ஈபி பில் இன்னும் தரலை சார்." ஏன் தரவில்லை என்று அங்கேயே போன் போட்டுக் கேட்டால், இணைப்பு இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது. பேர் மாற்றாமல் மானியத்துக்கு விண்ணப்பித்தால் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, முடிவெடுப்பவர் குவைத்தில் இருக்கும் மகன். கொட்டேஷன் போனதோ அம்மாவின் போனுக்கு.

அந்த இடத்திலேயே அதை 'சைட் பார்த்தது' கட்டத்துக்குப் பின்னே தள்ளினோம். பின்னே தள்ளுவதற்குத் திட்டினால் அடுத்த வாரம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், இதை முதலாளிகளுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு நேரம் ஆகிறது. அப்புறம் மற்ற நான்கையும் பார்த்தால், இன்னும் இரண்டிலும் இதே பேர் சிக்கல். ஆக, கோளாறு கொட்டேஷனில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில். ஈபி பில் யார் பேரில், முடிவு யார் கையில், தென்னை நிழல் எத்தனை மணிக்கு மாடியில் விழுகிறது, இந்த மூன்றும் தெரியாமல் சைட் கட்டத்தை விட்டு எதுவும் நகரக் கூடாது என்று அன்றே எழுதிக்கொண்டோம்.

கடைசிப் பத்து நிமிடம், ஆளுக்கு இரண்டு பார்ட்டி எடுத்து, இந்த வாரம் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். "ஃபாலோ பண்றேன்" என்பது பதில் இல்லை. "வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு, அன்றைக்கு மகனோடு வீடியோ காலில் பேசி, பேர் மாற்ற யார் போவார் என்று கேட்பேன்" என்பது பதில்.

ஷீட்டில் தேதிகளெல்லாம் சனிக்கிழமை மதியமாகவே இருந்தால், மீட்டிங்குக்காக நகர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வாரம் முன்னே போனது அடுத்த வாரம் பின்னே வந்தாலும் அப்படித்தான். இதை எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்காமல் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கல்லூரி, மருத்துவமனை, முந்திரி ஆலை போன்ற பெரிய இடங்களை மட்டும் இந்த ஷீட்டில் சேர்க்க வேண்டாம். அங்கே ஒரு கட்டம் நகரவே மாதக்கணக்கில் ஆகும், வாராவாரம் 'அசையவில்லை' என்று வாசித்தால் அந்த வரியை யாரும் கேட்பதை விட்டுவிடுவார்கள். அதற்குத் தனி ஷீட், மாதம் ஒருமுறை.