மார்ச்சில் போன சரக்கு, ஏப்ரலில் வந்த கிரெடிட் நோட்

வாசகர் ஒருவரின் கேள்வி: "பில் நிஜம், லாரி ரசீது நிஜம், டீலரும் நிஜம். பிறகு எதை வைத்து மார்ச் விற்பனை ஊதிப் பெருக்கப்பட்டது என்று ஆடிட்டர் சொல்கிறார்?"

மார்ச் மாதக் காகிதங்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஏப்ரல், மே மாதக் காகிதங்களில்தான் விஷயம் இருக்கிறது.

நடப்பது எளிமையானது. ஆண்டு இலக்கை எட்ட, டீலருக்குத் தேவைக்கு மேல் சரக்கு அனுப்புவார்கள். "விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் கூடுதல் ரிபேட் தருவதாகத் தனிக் கடிதம் போயிருக்கும். சரக்கு திரும்பும்போதோ ரிபேட் கொடுக்கும்போதோ, டீலர் தர வேண்டிய தொகையைக் குறைக்கும் சீட்டான கிரெடிட் நோட்டை அவர் பெயரில் போட்டாக வேண்டும்.

ஒரு கற்பனை மின்விசிறி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் சுமார் 10 கோடி விற்பனை. அதில் 2% திரும்புவது வழக்கம். மார்ச்சில் மட்டும் 18 கோடி. கோடை வருகிறது, டீலர்கள் வாங்கி அடுக்குகிறார்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. நம்பக்கூடிய காரணம்தான். ஆண்டு முழுவதற்குமான கிரெடிட் நோட்டுகளைக் கூட்டி ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டாலும் வழக்கமான 2%தான் வரும். திரும்பிய சரக்குக்கான நோட்டுகள் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்விட்டனவே.

எனக்கு மிகவும் பிடித்த படி இனிமேல்தான். மே நடுப்பகுதி வரையான கிரெடிட் நோட்டுகள் ஒவ்வொன்றையும், அது எந்த பில்லுக்கு எதிரானதோ அந்த பில்லின் தேதியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நோட்டின் தேதியை மறந்துவிடலாம். நம் நிறுவனத்தில் மார்ச் 25 வரை 12 கோடிக்கு பில். திரும்பியது 30 லட்சம், அதாவது 2.5%. கடைசி ஆறு நாட்களில் 6 கோடிக்கு பில், திரும்பியது 2.4 கோடி, அதாவது 40%! மாத மொத்தத்தில் 15% என்று மங்கலாகத் தெரிந்தது, பில் தேதிப்படி பிரித்ததும் ஒரே வாரத்தில் குவிந்துவிடுகிறது.

குவிந்தால் மோசடி என்று அப்போதே முடிவு கட்டக் கூடாது. ஒரு தொகுதி மின்விசிறியில் மோட்டார் கோளாறு இருந்தாலும் சரக்கு திரும்பும். ஆனால் அப்படித் திரும்புவது பேட்ச் எண்ணைச் சுற்றிக் குவியும், பல ஊர் டீலர்களிடமிருந்தும் வரும், பிப்ரவரி பில்களிலும் தலைகாட்டும். திணிக்கப்பட்ட சரக்கோ பில் தேதியையும் நாலைந்து பெரிய டீலர்களையும் சுற்றிக் குவியும். பெட்டி பிரிக்கப்படாமலே வரும்.

ஏப்ரலில் நடந்ததை மார்ச் கணக்கில் ஏன் ஏற்ற வேண்டும்? திரும்பும் என்று எதிர்பார்க்கும் சரக்கை வருமானமாகக் காட்டக் கூடாது என்பது இந்தியக் கணக்கியல் தரம் 115-இன் விதி. ஏப்ரல் நோட்டுகள், மார்ச் 31 அன்றே இருந்த நிலைமைக்குச் சாட்சி. நிறுவனம் 2% கணக்கில் 36 லட்சம் ஒதுக்கியிருந்தால், இன்னும் 2.34 கோடி வருமானத்தைக் குறைக்க வேண்டும். மொத்த லாப விகிதம் 25% என்றால் லாபத்தில் சுமார் 58 லட்சம் குறையும்.

கிரெடிட் நோட்டே போடாமல் வைத்திருந்தால்? அதனால்தான் நோட்டிலிருந்து சரக்குக்குப் போகாமல், கேட் ரிஜிஸ்டரில் தொடங்கி நோட்டுக்கு வர வேண்டும். ஏப்ரல் 5-ஆம் தேதி கேட்டுக்குள் வந்த லாரிக்கு மே நடுப்பகுதியிலும் நோட்டு இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். அமெரிக்காவின் சன்பீம் நிறுவனம் 1997-இல் காட்டிய 189 மில்லியன் டாலர் வரிக்கு முந்தைய லாபத்தில் குறைந்தது 60 மில்லியன் மோசடியால் வந்தது என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2001-இல் குற்றம் சாட்டியது. திரும்பவிருந்த சரக்கு பற்றிய பதிவுகளையே அழித்தார்கள் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. கணினியில் அழிக்கலாம், வாட்ச்மேன் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் டீலரின் கணக்கையும் யாரும் நினைப்பதில்லை.

இடையில் ஒன்று. முதல் இலக்கங்களின் பரவலை வைத்துக் கள்ளக் கணக்கைப் பிடிக்கும் பென்ஃபோர்டு விதியை இணையத்தில் சிலர் எண் சோதிடம்போலக் கொண்டாடுகிறார்கள். இங்கே அது உதவாது. இந்த பில்களில் விலையும் எண்ணிக்கையும் நிஜம். பொய் இருப்பது வாய்மொழி ஒப்பந்தத்தில்.

ரிபேட் இன்னும் வழுக்கும். சரக்கு வராது, அதனால் கேட் ரிஜிஸ்டர் பேசாது. ஜிஎஸ்டி தொடாத வணிக கிரெடிட் நோட்டாகப் போட்டால் ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் தெரியாது. சில இடங்களில் அது "விளம்பரச் செலவு" என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அப்போது டீலருக்கே நேரடியாக எழுதி, பாக்கி எவ்வளவு என்பதோடு, தனி ஒப்பந்தம் உண்டா, திருப்பித் தரும் உரிமை உண்டா என்றும் கேட்க வேண்டும். டீலரும் கூட்டு என்றால் பதில் பொய்யாக வரலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பதால், ஜூனில் திரும்பும் சரக்கு அந்த ஆண்டு ஆடிட்டரின் கண்ணில் படாது. அதற்கு முன் அவரிடம் இருக்கும் தடயம் பணம்தான்: மார்ச் கடைசி வார பில்களுக்கு அந்த டீலர்கள் மே வரை ஒரு ரூபாயும் கட்டவில்லையா என்பது.