நிழல் விழுந்த வினாத்தாள்: எழுத்தைப் படிக்கும் முன் நடக்கும் வேலை

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் மாதிரித் தேர்வு முடிந்ததும் இயற்பியல் வினாத்தாளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். டியூப்லைட் தலைக்கு மேல் எரிகிறது, தாள் மேசையில் கிடக்கிறது. நேர் மேலே கைபேசியைப் பிடித்தால் அதன் நிழலும் கையின் நிழலும் தாளில் விழும். நிழல் விழாமல் இருக்க ஓர் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தால் தாள் கோணலாகிவிடும். அவள் பாதி சாய்த்திருந்தாள், அதனால் இரண்டு குறையும் படத்தில் இருந்தன. மேல் ஓரம் குறுகி, கீழ் ஓரம் அகன்று, வலது பக்கம் முழுக்க ஒரு சாம்பல் நிழல்.

இதை அப்படியே எழுத்தறியும் மென்பொருளிடம் கொடுத்தால் நிழல் பகுதியில் வரிகள் சிதைந்து வரும். முதலில் படத்தைச் சரி செய்ய வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அந்தத் திருத்தத்துக்கு ஓர் எழுத்தைக்கூடப் படிக்கத் தேவையில்லை என்பதுதான். தாளைப் பற்றி நமக்கு முன்பே தெரிந்த இரண்டு உண்மைகள் போதும்: அது செவ்வகமானது, அது முழுக்க ஒரே வெள்ளை. படத்தில் அது செவ்வகமாகத் தெரியாவிட்டால் அது கேமரா நின்ற இடத்தின் விளைவு. ஒரே வெள்ளையாகத் தெரியாவிட்டால் அது வெளிச்சத்தின் விளைவு. இரண்டையும் கணக்குப் போட்டு நீக்கிவிடலாம்.

முதலில் தாள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் படத்தை வேண்டுமென்றே கெடுப்பதுதான் வழி. 4000 பிக்சல் உயரப் படத்தை 500 பிக்சலுக்குச் சுருக்கி, கொஞ்சம் மங்கலாக்கினால் எழுத்துகள் கரைந்துபோகும். வெள்ளைத் தாளும் கறுத்த மேசையும் சந்திக்கும் பெரிய விளிம்பு மட்டும் மிஞ்சும். அந்த விளிம்புகளில் நான்கு மூலை உள்ள மிகப் பெரிய மூடிய வடிவத்தைத் தேடி, கிடைத்த மூலைகளின் இடத்தை எட்டால் பெருக்கினால் அசல் படத்தில் மூலைகள் எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் தவறு நடப்பது சகஜம். வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் தாளை வைத்தால் விளிம்பே தெரியாது. நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் அதையே தாளின் ஓரம் என்று கணினி நினைத்துக்கொண்டு பாதித் தாளை வெட்டிவிடும். நிமிர்த்திய பிறகு எழுத்துகள் வழக்கத்தைவிடக் குண்டாகவோ ஒல்லியாகவோ இருந்தால் முதலில் இந்தச் சந்தேகம்தான் வர வேண்டும். கணினி பாதித் தாளை முழு ஏ4 அளவுக்கு இழுத்திருக்கும். கட்டை விரல் ஒரு மூலையை மறைத்திருந்தால் பரவாயில்லை. மறைந்த மூலையைத் தேடாமல், தெரிகிற இரண்டு ஓரங்களையும் நேர்கோடாக நீட்டினால் அவை சந்திக்கும் இடம்தான் மூலை.

சரி, மூலைகள் கிடைத்துவிட்டன. படம் 3000 பிக்சல் அகலம், 4000 உயரம். மேல் இடது மூலை (620, 640), மேல் வலது (2380, 690), கீழ் வலது (2790, 3520), கீழ் இடது (240, 3470). மேல் ஓரம் சுமார் 1760 பிக்சல், கீழ் ஓரம் 2550. தாளின் கீழ்ப்பகுதி கேமராவுக்கு அருகில் இருந்ததால் பெரிதாகத் தெரிகிறது.

இதைத் திருப்பியோ, ஒரு பக்கமாக இழுத்தோ செவ்வகமாக்க முடியாது. சுழற்றுவது, நீட்டுவது, சாய்ப்பது எல்லாம் இணைகோடுகளை இணைகோடுகளாகவே விட்டுவைக்கும். குவிந்து நிற்கும் கோடுகளை அவற்றால் பிரித்து வைக்க முடியாது. இங்கே தேவைப்படுவது வகுத்தல்:

```
x' = (a·x + b·y + c) / (g·x + h·y + 1)
y' = (d·x + e·y + f) / (g·x + h·y + 1)
```

தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது தூரத்தால் வகுபடுவதால்தான். அந்த வகுத்தலை மாற்றிப் போடும் வேலையை இந்தக் கீழ்ப்பகுதி செய்கிறது. தெரியாத எண்கள் எட்டு. ஒவ்வொரு மூலையும் இரண்டு சமன்பாடு தரும், நான்கு மூலைக்கு எட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த வகுத்தல் உண்மையிலேயே தேவையா என்று பார்க்க, தாளின் நடுப்புள்ளியைக் கேட்டுப் பார்க்கலாம். நான்கு மூலைகளின் சராசரி உயரம் 2080. ஆனால் மூலைவிட்டங்கள் இரண்டும் படத்தில் சந்திப்பது சுமார் (1510, 1821) என்ற இடத்தில். மூலைவிட்டங்கள் எந்தச் சாய்விலும் மூலைவிட்டங்களாகவே இருக்கும் என்பதால் தாளின் உண்மையான நடு அதுதான். சராசரிக்கும் அதற்கும் 260 பிக்சல் வித்தியாசம். வகுக்காமல் சமமாக இழுத்திருந்தால் மேல் பாதி நசுங்கி, கீழ் பாதி நீண்டிருக்கும்.

புதுப் படத்தை உண்டாக்கும்போது கணக்கு பின்னோக்கி நடக்கும். பழைய பிக்சல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புது இடத்தில் வைத்தால் இடையிடையே ஓட்டை விழும். அதற்குப் பதிலாகப் புதுத் தாளின் ஒவ்வொரு பிக்சலும் ‘பழைய படத்தில் நான் எங்கே இருந்தேன்?’ என்று கேட்கும். விடை பெரும்பாலும் இரண்டு பிக்சல்களுக்கு நடுவே வரும், சுற்றியுள்ள பிக்சல்களைக் கலந்து மதிப்பு எடுத்துக்கொள்ளும். ஓப்பன்சிவி என்ற இலவச நிரலகத்தில் இது இரண்டு வரி. `src` என்பது படத்தில் கண்ட நான்கு மூலைகள், `dst` என்பது புதுத் தாளின் நான்கு மூலைகள், இரண்டும் ஒரே வரிசையில்:

```python
M = cv2.getPerspectiveTransform(np.float32(src), np.float32(dst))
page = cv2.warpPerspective(photo, M, (2480, 3508), flags=cv2.INTER_CUBIC)
```

2480, 3508 என்பது ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வைத்தால் வரும் எண்கள். மேசை, பேனா, விரல் எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதால் வெட்டும் வேலையும் இதிலேயே முடிகிறது. முதலில் சுழற்றி, அப்புறம் வெட்டி, அப்புறம் நிமிர்த்துவது என்று மூன்று தடவை செய்யாதீர்கள். கலக்கும் ஒவ்வொரு தடவையும் எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும்.

நிமிர்த்துவதால் புதிதாக எந்த விவரமும் பிறப்பதில்லை. நம் படத்தில் கீழ் ஓரத்தில் அங்குலத்துக்குச் சுமார் 308 பிக்சல் இருந்தது, மேல் ஓரத்தில் 213தான். நிமிர்ந்த தாள் எங்கும் ஒரே மாதிரி தெரிந்தாலும் மேல் வரிகள் இழுத்துப் பெரிதாக்கப்பட்டவை. இன்னொன்று, இந்தக் கணக்கு தட்டையான தாளுக்கு மட்டுமே பொருந்தும். புத்தக முதுகின் அருகே வளைந்த பக்கத்தில் நான்கு மூலைகளும் சரியான இடத்துக்கு வந்தாலும், வரிகள் கயிறு போலத் தொய்ந்து நிற்கும்.

அடுத்தது நிழல். பலரும் முதலில் பிரகாசத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது ஏன் உதவாது என்று எண்ணில் பார்க்கலாம். படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. வெளிச்சத்தில் தாள் 210, மை 60. நிழலில் தாள் 90, மை 26. பாருங்கள், நிழலில் உள்ள தாளும் வெளிச்சத்தில் உள்ள மையும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து எண்கள். 128க்குக் கீழே இருப்பதெல்லாம் மை என்று வைத்தால் நிழல் முழுக்க மைக்குளமாகிவிடும். எல்லாவற்றுடனும் 120 கூட்டினால் நிழல் தாள் 210 ஆகும், ஆனால் அங்குள்ள மை 146 ஆகி வெளிறும். தாளுக்கும் மைக்கும் நிழலில் இருந்த இடைவெளி 64, கூட்டிய பிறகும் அதே 64தான்.

நிழல் எதையும் கழிப்பதில்லை, வெளிச்சத்தை ஒரு பங்காகக் குறைக்கிறது. எனவே அதை நீக்கவும் வகுக்கத்தான் வேண்டும். 60ஐ 210ஆல் வகுத்தால் 0.29. 26ஐ 90ஆல் வகுத்தாலும் 0.29. ஒவ்வொரு பிக்சலையும் அந்த இடத்துத் தாளின் மதிப்பால் வகுத்தால் தாள் எங்கும் 1 ஆகிவிடும், மை எங்கும் ஒரே அடர்த்திக்கு வந்துவிடும்.

ஆனால் மை இருக்கும் இடத்தில் அடியில் உள்ள தாளின் மதிப்பு எப்படித் தெரியும்? எழுத்தின் கோடு ஒல்லியானது. அரை மில்லிமீட்டர் கோடு 300 புள்ளி அளவில் 6 பிக்சல். அதன் அருகிலேயே அதே வெளிச்சத்தில் வெறும் தாள் இருக்கிறது. 25 பிக்சல் சதுரம் ஒன்றை நகர்த்திக்கொண்டே போய், அதற்குள் அடங்கும் கறுப்புக் கோடுகளைச் சுற்றியுள்ள தாளின் மதிப்பால் நிரப்பிவிட்டால், எழுத்தே இல்லாத, வெறும் நிழல் மட்டும் படிந்த வெற்றுத்தாள் கிடைக்கும். அதுதான் வகுக்கும் எண்.

```python
gray = cv2.cvtColor(page, cv2.COLOR_BGR2GRAY)
bg = cv2.morphologyEx(gray, cv2.MORPH_CLOSE, np.ones((25, 25), np.uint8))
bg = cv2.medianBlur(bg, 25)
out = cv2.divide(gray, bg, scale=255)
```

வெட்டுவதற்கு முன் இதைச் செய்யக் கூடாது என்பது இப்போது புரியும். மேசையின் பிக்சல்கள் சதுரத்துக்குள் வந்தால் தாளின் ஓரத்தில் வெற்றுத்தாள் மதிப்பே தப்பாகிவிடும்.

அந்தச் சதுரத்தின் அளவுதான் இந்த வேலையின் உயிர். 25 பிக்சல் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். எழுத்துக்கு அது போதும். ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் நிரப்பிய வட்டம் அதைவிடப் பெரியது. சதுரம் வட்டத்துக்குள்ளேயே முழுதாக அடங்கிவிடுவதால், அந்தக் கறுப்பையே ‘இங்கே தாள் இப்படித்தான்’ என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பைக் கறுப்பால் வகுத்தால் வெள்ளை. நிரப்பிய வட்டம் நடுவில் வெளுத்து வளையமாகிவிடும், மாணவி நிரப்பிய விடை காணாமல் போகும். உயிரியல் படத்தில் பென்சிலால் தீட்டிய பகுதிக்கும் இதே கதி. இப்படிப்பட்ட தாளுக்குச் சதுரத்தை 75 அல்லது அதற்கு மேல் வைக்க வேண்டும். மிகப் பெரிதாக்கினால் மெல்லிய விரல் நிழலையும் சதுரம் மையென்று நிரப்பிவிடும், அந்த நிழல் படத்தில் அப்படியே தங்கும். அளவு சரியா என்று அறிய, அந்த வெற்றுத்தாளான `bg` படத்தைத் திறந்து பாருங்கள். அதில் நிழல் மட்டும் தெரிய வேண்டும். வட்டங்களோ எழுத்தின் சாயலோ தெரிந்தால் சதுரம் சிறியது.

வகுத்தலுக்கு ஒரு விலையும் உண்டு. நிழல் பகுதியை ஏறக்குறைய 2.8 மடங்கு பெருக்குகிறோம், வெளிச்சப் பகுதியை 1.2 மடங்குதான். அதனால் நிழலில் கேமரா சேர்த்த மணல் போன்ற புள்ளிகளும் 2.8 மடங்கு பெருகும். இந்தப் புள்ளிகளைத் துடைக்கும் வடிகட்டியைப் போடும்போது மிகவும் கவனம் வேண்டும், தமிழில் இன்னும் கூடுதலாக. நம் மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு சிறு கறுப்புப் பொட்டுதான். அது துடைபட்டால் ‘பக்கம்’ என்பது ‘பககம’ ஆகும். துடைக்காமல் விட்ட மணல் ஒன்று எழுத்தின் தலையில் உட்கார்ந்தால் இல்லாத மெய் பிறக்கும். இயற்பியல் தாளில் தசமப் புள்ளி போய் 2.5 என்பது 25 ஆகிவிடும், விடையும் பத்து மடங்கு மாறிவிடும்.

அதனால் நான் வகுத்ததோடு நிறுத்திக்கொள்வேன். முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் சாம்பல் நிறத்திலேயே விட்டால், மங்கிய புள்ளி மங்கிய புள்ளியாகவாவது மிஞ்சும். அக்கா மகளின் தாளில் வலது ஓரத்தில் இரண்டு தசமப் புள்ளிகள் அப்படித்தான் நின்றன. மூன்றாவது கேள்வியில் ஓர் எண் மட்டும் கை ஆடியதால் குழம்பியிருந்தது. அசைவில் கலந்த பிக்சலை இந்தக் கணக்குகள் எதுவும் பிரிக்காது என்பதால் அந்த ஒரு கேள்வியை மட்டும் ஜன்னலோரம் வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.